மூன்று கேள்விக்கும் ஒரே கேப்ஷன்: சுங்குடி சேலை விற்பவருக்கு

கேள்வி: இன்ஸ்டாகிராமில் மதுரை சுங்குடி சேலை விற்கிறேன். "விலை என்ன, கலர் போகுமா, எப்ப வரும்" என்று தினமும் இதே மூன்றைத்தான் கேட்கிறார்கள். ஒரே போஸ்ட்டில் கேள்வி பதிலாகப் போட்டு முடித்துவிடலாமா? கேப்ஷனை எப்படி எழுதுவது?

முடிக்கலாம். ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதிகம் வரும் கேள்விகள் இந்த மூன்றுதானா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். கடைசியாக வந்த 100 விசாரிப்புகளை, இன்பாக்ஸ், கமென்ட், வாட்ஸ்அப் மூன்றையும் சேர்த்து, ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். "ரேட் ப்ளீஸ்", "எவ்ளோ", "கூரியர் சேத்தா எவ்வளவு", "ரெண்டு எடுத்தா குறைப்பீங்களா" எல்லாமே விலைக் கேள்விதான், ஒரே கோட்டில் போடுங்கள். அப்படி எண்ணும்போது "இது இருக்கா?" என்ற கேள்வியும் பெரும்பாலும் முன்வரிசையில் வந்து நிற்கும். அதை இந்தப் போஸ்ட்டில் சேர்க்காதீர்கள். ஸ்டாக் மதியத்துக்குள் மாறிவிடும். அந்தப் பதில் அந்தந்தச் சேலையின் போஸ்ட்டில், விற்றதும் "விற்றுவிட்டது" என்று மேலே ஒரு சொல்லாக வர வேண்டியது. ஒரே போஸ்ட்டில் நிரந்தரமாக வைக்கக்கூடியது, குறைந்தது ஒரு மாதமாவது பதில் மாறாமல் நிற்கும் கேள்விகளை மட்டுமே. நீங்கள் சொன்ன மூன்றும் அந்தச் சோதனையில் தேறும், பதிலைச் சரியாக எழுதினால்.

சரியாக எழுதுவது என்றால் என்ன என்பதில்தான் பெரும்பாலான கேப்ஷன்கள் சறுக்குகின்றன. கேள்விக்குக் கீழே ஒரு பதில் இருக்கும், ஆனால் அதைப் படித்ததும் அடுத்த கேள்வி பிறக்கும். "விலை ₹850 முதல்" என்று எழுதினால், "நான் பார்த்த சேலை எவ்வளவு?" என்று இன்பாக்ஸுக்கு வருவார். "விரைவில் அனுப்புவோம்" என்று எழுதினால், "வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா?" என்பார். ஆகவே ஒவ்வொரு பதிலையும் எழுதிவிட்டு, அதைப் படித்தவர் அடுத்து என்ன கேட்பார் என்று யோசித்து, அதற்கும் விடையை அதே பதிலுக்குள் வைத்துவிடுங்கள். ஒரு படி போதும். இரண்டு, மூன்று படி போனால் கேப்ஷன் விதிமுறைப் புத்தகமாகிவிடும், யாரும் படிக்க மாட்டார்கள்.

விலையில் தொடங்குவோம். விலை கேட்பவர் உண்மையில் அறிய விரும்புவது, சேலை கையில் வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை. அதைச் சொல்ல முதலில் கூரியர் செலவு உங்களுக்கே உறுதியாகத் தெரிய வேண்டும். தபாலிலும் சரி, தனியார் கூரியரிலும் சரி, 500 கிராம் என்பது ஒரு முக்கியமான எல்லை. அதைத் தாண்டினால் அடுத்த படிக் கட்டணம். சேலையை மட்டும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுக் கூரியர் தொகையை எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒரு சேலை 440 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாலித்தீன் கவர் 30 கிராம் என்றால் 470, எல்லைக்குள் நிற்கும். அதே சேலையை 110 கிராம் அட்டைப் பெட்டியில் வைத்தால் 550 ஆகி, கவுன்டரில் கூடுதல் பணம் கேட்பார்கள். அந்த வித்தியாசம் உங்கள் லாபத்திலிருந்து போகும், அல்லது வாங்குபவரிடம் பிறகு கேட்க வேண்டிவரும். பிறகு கேட்பது வியாபாரத்துக்கு ஆகாது. அதனால் பேக் செய்து, முகவரி ஒட்டி, டேப் சுற்றியபின் நிறுத்துப் பாருங்கள். ஒரு சேலைக்கு ஒரு தடவை, இரண்டு சேலைக்கு ஒரு தடவை. அந்த இரண்டு எடைக்கும் தமிழ்நாட்டுக்குள், வெளி மாநிலம் என இரண்டு கட்டணம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் விலைப் பதிலுக்கு வேண்டிய எல்லாம் கையில் வந்துவிட்டது.

சேலைக்குச் சேலை விலை மாறும்போது என்ன செய்வது? வகைக்கு ஒரு விலை சொல்லுங்கள், அந்த விலை ஏன் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாக்ஸ் பிரிண்ட் ஒரு விலை, ஜரிகை பார்டர் ஒரு விலை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலை உங்களிடம் இருந்தால் அது தனி விலை, தனிப் போஸ்ட். இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சுங்குடி என்ற பெயரே முடிச்சு வேலையால் வந்த பெருமை, மதுரைச் சௌராஷ்டிர மக்களின் கைவேலை அது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இப்போது சந்தையில் அதிகம் கிடைப்பது அச்சு வேலை. அச்சில் வந்ததை அச்சு என்றே எழுதுங்கள். முடிச்சுப் போட்ட சேலையில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக இருக்கும். தெரிந்தவர் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார், பிறகு உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கும் எதையுமே நம்ப மாட்டார்.

"விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அப்படி எழுதினால் கேள்வி குறையாது, கூடும். அதோடு, 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள், இணையத்தில் விற்கும்போது மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் அனுப்பும் செலவு போன்றவை எவ்வளவு என்பதைப் பிரித்தும் காட்டச் சொல்கின்றன. எப்போதாவது தன் பழைய பொருளை விற்பவருக்கு இது பொருந்தாது. தொடர்ந்து தொழிலாகச் செய்பவர் தனக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். இன்ஸ்டாகிராம் பக்கம் அந்த விதிகளில் எந்தப் பிரிவுக்குள் வரும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விலையை வெளிப்படையாக எழுத அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி கலர். மூன்றில் இதுதான் கடினம், இதில்தான் அதிகம் பேர் பொய் சொல்லிவிடுகிறார்கள், தெரியாமலே. "கலர் போகாது, கேரண்டி" என்று எழுதாதீர்கள். சுங்குடியின் அழகே அடர்ந்த தரையில் வெள்ளைப் புள்ளிதான். அரக்குச் சிவப்பு, கருநீலம், கறுப்பு, பாட்டில் பச்சை, இவைதான் அதிகம் விற்கும். பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது நூல் பிடித்துக்கொண்டது போக மிச்சச் சாயம் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிநீரில் சோப்புப் போட்டு அலசி எடுப்பது சாயப் பட்டறையின் கடைசி வேலை. அவசரத்தில் அந்த அலசல் குறைந்தால், மிச்சச் சாயம் உங்கள் வாடிக்கையாளர் வீட்டு வாளியில் இறங்கும். நல்ல பட்டறையில் செய்த அடர் நிறத்திலும் முதல் ஒன்றிரண்டு அலசலில் தண்ணீர் கொஞ்சம் நிறம் காட்டலாம். அதனால் சேலை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

கேட்பவரின் பயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். "கலர் போகுமா?" என்ற ஒரு கேள்விக்குள் மூன்று பயம் இருக்கிறது. சேலை வெளுத்துவிடுமா, மற்றத் துணியில் ஒட்டுமா, வெள்ளைப் புள்ளி சிவந்துவிடுமா. சுங்குடியில் மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து. அது பெரும்பாலும் துவைக்கும்போது நடப்பதில்லை, துவைத்த பிறகு நடக்கிறது. ஈரச் சேலையை முறுக்கி வாளியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால், அந்த ஈரத்தில் தளர்ந்த சாயம் மடிப்புக்கு மடிப்பு நகர்ந்து வெள்ளைப் புள்ளியில் போய் உட்காரும். அரை மணி நேரம் போதும். அலசியதும் பிரித்துக் காயப் போட்டால் அந்த வாய்ப்பே குறைந்துவிடுகிறது. வெளுப்பது வேறு கதை, அது நேர் வெயிலின் வேலை. நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி உலர்த்தினால் நிறம் நெடுநாள் நிற்கும். ஆக, உங்கள் பதிலில் ஊற வைக்காதீர்கள், முறுக்கி வைக்காதீர்கள், உடனே நிழலில் போடுங்கள் என்ற மூன்று சொன்னாலே மூன்று பயத்துக்கும் விடை சொன்னதாகும்.

கல்லுப்பு பற்றி நிறைய பேர் எழுதுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு நிஜமாகவே வேலை உண்டு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலின் பக்கம் தள்ளுவது அது. ஆனால் நூலோடு சாயத்தைக் கட்டுவது உப்பு இல்லை, அந்த வேலை பட்டறையிலேயே முடிந்துவிட வேண்டியது. வீட்டு வாளியில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டால் தளர்ந்த சாயம் சற்று மெதுவாக இறங்கலாம், நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளாது. வினிகரும் பருத்தியில் அப்படித்தான், அமிலம் உதவுவது பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் சில சாயங்களில். உப்புத் தண்ணீரில் அலசுவதால் கெடுதல் இல்லை, விரும்புகிறவர்கள் செய்யட்டும். ஆனால் "உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் கலர் போகாது" என்பதை உங்கள் கடையின் வாக்காக எழுதாதீர்கள். அதை நம்பி ஒரு மணி நேரம் ஊற வைப்பார், ஊற வைத்ததாலேயே புள்ளியில் கறை ஏறும், பழி உங்கள் மேல் விழும்.

எதை எழுதினாலும் உங்கள் சரக்கைச் சோதித்துவிட்டு எழுதுங்கள். புதிய கட்டு வந்ததும் ஒவ்வொரு அடர் நிறத்திலும் ஒரு சேலையை எடுங்கள். வெள்ளைக் காட்டன் துணித்துண்டால் உள்முனையில் பத்துத் தடவை உலர்வாகத் தேயுங்கள். பிறகு துண்டை நனைத்துப் பிழிந்து, பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் பத்துத் தடவை தேயுங்கள். உலர்வாகத் தேய்த்ததிலேயே துண்டு நன்றாக நிறமேறினால் அந்தச் சேலை சரியாக அலசப்படவில்லை, கட்டிக்கொண்டால் உள்பாவாடையில் ஒட்டும், பட்டறைக்கே திருப்பிவிடுங்கள். உலர்வில் சுத்தமாகவும் ஈரத்தில் லேசாகவும் நிறம் காட்டினால் அது வழக்கமானது, முதல் அலசல்களில் இறங்கிவிடும் மிச்சம். அடுத்து, முந்தானை முனையைக் குளிர்ந்த நீரில் நனைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி அரை மணி நேரம் வைத்துப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் கறை எவ்வளவு, சேலையின் சொந்தப் புள்ளியில் எவ்வளவு என்பது நேராகத் தெரியும். புள்ளி வெள்ளையாகவே இருந்தால், கேப்ஷனில் மாற்றித் தருவதாக எழுதத் தயங்க வேண்டாம். ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது, பத்து அலசலுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லாது. ஆனால் மோசமான கட்டைப் பிரித்துக் காட்டிவிடும். பட்டறை மாறினாலும், அதே பட்டறையில் புதுக் கட்டு வந்தாலும், மறுபடி செய்யுங்கள். போன கட்டு தேறியது இந்தக் கட்டுக்குச் சாட்சி ஆகாது.

மூன்றாவது, எப்ப வரும். இதில் உங்கள் கையில் இருப்பதையும் கூரியர் கையில் இருப்பதையும் பிரித்து எழுதுங்கள். எப்போது அனுப்புவீர்கள் என்பது உங்கள் கையில், அதை மணிக்கணக்கோடு உறுதியாகச் சொல்லலாம். பகல் 3 மணிக்குள் பணம் வந்தால் அன்றே, பிறகு வந்தால் மறுநாள், ஞாயிறு இல்லை. வழியில் ஆகும் நாள் உங்கள் கையில் இல்லை, அதைக் கணக்கிலிருந்துதான் சொல்ல முடியும். கூரியர்காரர் வாயால் சொல்லும் நாளை அப்படியே எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பிய கடைசி 30 பார்சல்களின் டிராக்கிங்கை எடுத்து, அனுப்பிய நாளிலிருந்து சேர்ந்த நாள்வரை எண்ணுங்கள். உதாரணத்துக்கு, தமிழ்நாட்டுக்குள் போன 30-இல் 11 பார்சல் 2 நாளிலும், 12 பார்சல் 3 நாளிலும், 4 பார்சல் 4 நாளிலும், 2 பார்சல் 5 நாளிலும், ஒன்று 8 நாளிலும் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். சராசரி போட்டால் ஏறக்குறைய 3 நாள். "3 நாளில் வரும்" என்று எழுதினால் 30-இல் 7 பேருக்கு நீங்கள் சொன்னது பொய்யாகும். அந்த ஏழு பேரும் நான்காம் நாள் காலை இன்பாக்ஸில் இருப்பார்கள். "2 முதல் 4 நாள்" என்று எழுதினால் 27 பேருக்கு உண்மையாகும், மீதி 3 பேருக்கு மட்டும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பத்தில் ஒன்பது பேருக்கு எந்த நாளுக்குள் சேர்ந்ததோ அந்த நாளை எழுதுங்கள். வெளி மாநிலத்துக்கு இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள், இரண்டையும் கலந்தால் இரண்டுமே தப்பாகும்.

இங்கேயும் சட்டம் குறுக்கே வருகிறது, உங்களுக்கு எதிராக இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். முன்னே சொன்ன அதே விதிகளின்படி, குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளையும் விற்பவர் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதமானால் அதற்கு விலக்கு உண்டு. அதாவது, கேப்ஷனில் நீங்கள் எழுதும் நாள் அலங்காரச் சொல் இல்லை, அதை வைத்து உங்களிடம் பணம் திரும்பக் கேட்கலாம். "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று கடைசியில் ஒரு வரி போடுவதால் இந்தப் பொறுப்பு போய்விடாது. மனம் மாறியதால் திருப்புவதை வேண்டாம் என்று சொல்லலாம், கிழிசலையும் கறையையும் அப்படிச் சொல்ல முடியாது. பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்பது தகராறைக் குறைக்கும், கேளுங்கள். ஆனால் அதை அனுப்பாதவரின் உண்மையான குறையைப் பார்க்கவே மாட்டோம் என்று எழுதாதீர்கள்.

இவ்வளவையும் கூட்டிக் கேப்ஷனாக எழுதினால் இப்படி வரும். தொகைகளும் நாள்களும் உதாரணம்தான், உங்கள் கணக்கை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

> விலை எவ்வளவு? கலர் போகுமா? எப்ப வரும்? மூணுக்கும் பதில் கீழே.
>
> விலை எவ்வளவு?
> வாக்ஸ் பிரிண்ட் மதுரை சுங்குடி காட்டன் சேலை ₹850. ஜரிகை பார்டர் வச்சது ₹1,150. ஒரு சேலைக்குக் கூரியர் தமிழ்நாட்டுக்குள்ள ₹60, வெளி மாநிலம் ₹100. தமிழ்நாட்டுல உங்க கைக்கு வந்து சேர மொத்தம் ₹910 அல்லது ₹1,210. வேற எந்தக் கட்டணமும் இல்லை. நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் துணி கிடையாது.
>
> கலர் போகுமா?
> அடர் சிவப்பு, நீலம், கறுப்புல முதல் 2, 3 அலசல்ல கொஞ்சம் சாயம் இறங்கும். அதுவரைக்கும் தனியா, பச்சைத் தண்ணியில அலசுங்க. ஊற வைக்காதீங்க, முறுக்கி வாளியில போட்டு வைக்காதீங்க, உடனே நிழல்ல காயப் போடுங்க. இப்படி அலசியும் வெள்ளைப் புள்ளியில கறை ஏறினா படம் எடுத்து அனுப்புங்க, சேலையை மாத்தித் தர்றோம்.
>
> எப்ப வரும்?
> பகல் 3 மணிக்குள்ள பணம் வந்தா அன்னைக்கே அனுப்புவோம், அதுக்கு மேல வந்தா மறுநாள். ஞாயிறு லீவு. அனுப்பினதுல இருந்து தமிழ்நாட்டுக்குள்ள 2 முதல் 4 நாள், வெளி மாநிலம் 4 முதல் 7 நாள். டிராக்கிங் நம்பர் அனுப்பின அன்னைக்கே வந்துடும். சொன்ன நாள் தாண்டினா எங்களுக்குச் சொல்லுங்க, தேடித் தர்றது எங்க பொறுப்பு.
>
> இந்த விலையும் கூரியரும் ஆகஸ்ட் 31 வரைக்கும்.

முதல் வரியைக் கவனியுங்கள். கேப்ஷனில் ஒன்றிரண்டு வரிதான் தானாகத் தெரியும், மற்றது 'more' என்பதைத் தொட்டால்தான் விரியும். அந்த வரியில் "வணக்கம் நட்புகளே, உங்கள் அன்புக்கு நன்றி" என்று போட்டால், பதில் இங்கே இருக்கிறது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். கேள்விகளை வாடிக்கையாளர் கேட்கும் சொல்லிலேயே வைத்திருப்பதும் அதற்காகத்தான். "வண்ண உறுதித்தன்மை குறித்த தகவல்" என்று எழுதினால் அது தன் கேள்வி என்று யாருக்கும் தோன்றாது. பதிலையும் கடையில் நின்று பேசுகிற பேச்சில் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எழுத்து நடை பிடித்தால் அப்படியும் எழுதலாம், ஆனால் பாதி பேச்சு, பாதி எழுத்து என்று கலக்காதீர்கள், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒட்டியது போல இருக்கும்.

நீளத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கேப்ஷனுக்கு 2,200 எழுத்துக்குறிகள் வரம்பு. நம் கண்ணுக்கு "சுங்குடி" நான்கு எழுத்து. கணினிக்கு அது எட்டு, ஏனென்றால் உகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியாகக் கணக்காகும். ஆகவே நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரம்பு வந்துவிடும். மேலே உள்ளது வரம்புக்குள் தாராளமாக அடங்கும், நான்காவது கேள்வி ஒன்றுக்கும் இடமிருக்கும். இருந்தாலும் சேர்க்காதீர்கள். நான்காவது வந்தால் முதல் மூன்றின் பதில் கீழே தள்ளிப்போகும், தேடிப் படிக்கும் பொறுமை குறையும்.

படத்தில் என்ன எழுதுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கேப்ஷனைப் போட்ட பிறகும் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. அதனால் மாறக்கூடிய விலையும் கூரியர் தொகையும் கேப்ஷனில் மட்டும் இருக்கட்டும். படத்தில் மூன்று கேள்விகளைப் பெரிய எழுத்தில் போட்டு, "பதில் கீழே" என்று எழுதினால் போதும். இரண்டாம் படமாக, அலசும் முறையைப் போடலாம், அது விலை ஏறினாலும் மாறாது. ₹850 என்று படத்திலேயே அச்சடித்துவிட்டால், விலை ஏறிய அன்று போஸ்ட்டையே அழிக்க வேண்டும். அதுவரை சேர்ந்த கமென்ட்டும், நீங்கள் எத்தனையோ பேருக்கு அனுப்பிய இணைப்பும் அதோடு போய்விடும். கடைசியில் உள்ள தேதி வரியும் இதற்குக் காவல். மூன்று மாதம் கழித்துப் பழைய விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுபவரிடம் அந்த வரியைக் காட்டலாம். ஆனால் தேதி முடிந்த அன்றே நீங்கள் புதுப்பித்தால்தான் அதற்கு மதிப்பு. தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் கூரியர் தாமதமாகும் வாரங்களில் மூன்றாம் பதிலின் நாள் கணக்கை மட்டும் திருத்திவிட்டு, பண்டிகை முடிந்ததும் பழையபடி மாற்றுங்கள்.

போஸ்ட்டைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்துவிடுங்கள், மூன்று போஸ்ட் வரை பின் செய்ய இடமுண்டு. அதற்குப் பிறகும் விலை கேட்டு வருவார்கள், ஏனென்றால் பலர் உங்கள் பக்கத்துக்கு வராமலே ஒரு சேலைப் படத்திலிருந்து நேராக இன்பாக்ஸுக்கு வருகிறவர்கள். அவர்களிடம் "பின் போஸ்ட் பாருங்கள்" என்று மட்டும் சொல்லித் துரத்தாதீர்கள். "₹850, கூரியரோட ₹910 ஆகும்க்கா. அலசுற முறையும் எத்தனை நாள்ல வரும்னும் இதுல இருக்கு" என்று கேட்டதற்குப் பதிலை ஒரு வரியில் சொல்லிவிட்டு, போஸ்ட்டை அனுப்புங்கள். இதையே தயார்ப் பதிலாகச் சேமித்து வைத்தால் தட்டச்சு செய்யும் நேரமும் மிச்சம்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி 100 விசாரிப்புகளை எண்ணுங்கள். மொத்தக் கேள்வி எவ்வளவு குறையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, உங்களைப் பின்தொடர்பவர்களில் எத்தனை பேர் அந்தப் போஸ்ட்டைக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது இன்ஸ்டாகிராம் கையில். ஆனால் எந்தக் கேள்வி எந்த வடிவில் இன்னும் வருகிறது என்பது பதிலில் எங்கே ஓட்டை என்று காட்டிக்கொடுக்கும். "பெங்களூருக்கு மொத்தம் எவ்வளவு?" என்று திரும்பத் திரும்ப வந்தால், வெளி மாநிலத்துக்கான மொத்தத் தொகையை, ₹950, ₹1,250 என்று கூட்டியே எழுதிவிடுங்கள், வாசகர் கூட்டிப் பார்க்க மாட்டார். "ரெண்டு எடுத்தா கூரியர் எவ்வளவு?" என்று வந்தால், முன்பே நிறுத்து வைத்த இரண்டு சேலைக் கட்டணத்தைச் சேருங்கள். "மெஷின்ல போடலாமா?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தால், கலர் பதிலில் "முதல் மூணு அலசல் கையால" என்று நாலு சொல் கூட்டினால் சரியாகிவிடும்.